உதட்டைச் சுற்றி மரமரப்பு இருக்கா, டீச்சர்?

என் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்து 5 மாதம் ஆகிறது. வீட்டுக்குக் கிளம்பிய அன்று வார்டு மேசை முன் நின்று "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்றேன். "எங்க வேலைதானே டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊசிக்கு மருந்து எடுக்கப் போய்விட்டார். அந்த வேலை என்னவென்று அன்றைக்கு எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பிறகு ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போனபோதும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். அதனால் ஊர், மருத்துவமனை, ஆட்கள் எவருடைய பெயரும் இதில் இல்லை.

எனக்கு 46 வயது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கழுத்தில் கழலை 9 ஆண்டுகளாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை ரத்தம் கொடுப்பேன், டி.எஸ்.எச். அளவு 1.8 அல்லது 2.1 என்று வரும், "தைராய்டு நார்மல்" என்பார்கள், நானும் நிம்மதியாக வந்துவிடுவேன். அந்த எண் சொல்வது சுரப்பி வேலை செய்கிறதா என்பதை மட்டும்தான். சுரப்பி எவ்வளவு பெரிதாகிவிட்டது, எங்கே இறங்கியிருக்கிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. கணக்கு டீச்சராக இருந்தும், ஒரு எண் எதை அளக்கிறது என்று 9 ஆண்டுகளாக நான் கேட்கவேயில்லை.

போன வருடம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது முகம் சூடாகி மூச்சு முட்ட ஆரம்பித்தது. மல்லாந்து படுத்தாலும் அப்படியே. இதயமாக இருக்குமோ என்று ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்த்தேன், இரண்டிலும் ஒன்றுமில்லை. அப்புறம்தான் இந்த அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இரண்டு கையையும் காதோடு ஒட்டி மேலே தூக்குங்க டீச்சர், ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க" என்றார். முக்கால் நிமிடத்தில் முகம் சிவந்து, கழுத்து நரம்புகள் புடைத்து, எனக்கு மூச்சு இழுத்தது. கழலை கழுத்தோடு நிற்காமல் மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தால் கையைத் தூக்கும்போது அந்தக் குறுகிய வாசலில் அது அடைத்துக்கொள்கிறது. தலையிலிருந்து இறங்கும் ரத்தம் தேங்கி முகம் சிவக்கிறது. பெம்பர்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1946இல் எழுதிவைத்த பரிசோதனை இது. நான் கொடியில் சேலை விரித்தபோதெல்லாம் இதைத்தான் எனக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்தேன்.

சி.டி. ஸ்கேனில் மூச்சுக்குழாய் வலப்பக்கம் ஒதுங்கி, ஓரிடத்தில் 8 மில்லிமீட்டராகக் குறுகியிருந்தது. ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்களில் புற்று இல்லை. மாத்திரையால் கரைகிற அளவு கட்டி இல்லை, சுரப்பியின் இரண்டு பக்கமும் முடிச்சுகள் இருப்பதால் மொத்தமாக எடுப்பதே சரி என்றார். ஒரு வெள்ளைத் தாளில் கழுத்துப் படம் வரைந்து, நடக்கக்கூடிய மூன்று காரியங்களைச் சொன்னார். முதலாவது ரத்தக்கசிவு. இரண்டாவது குரல். சுரப்பிக்குப் பின்னால் நூல் கனத்தில் இரண்டு பக்கமும் ஓடுகிற குரல்நாண் நரம்பு அடிபட்டால் குரல் கம்மிவிடும். மூன்றாவது கால்சியம்.

முதல் இரண்டைப் பற்றி நான் நிறையக் கேள்வி கேட்டேன், குரல்தானே என் பிழைப்பு. மூன்றாவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கால்சியம் என்றால் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். அவர் மட்டும் அதை விடவில்லை. வைட்டமின் டி பார்க்கச் சொன்னார், 11 வந்தது. 20க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கணக்கு. தேதியை 4 வாரம் தள்ளிவைத்து, வாரம் ஒன்றாக 60,000 யூனிட் பாக்கெட் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார். லீவு போட்டுவிட்டேன், அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாமே என்று கொஞ்சம் சண்டைகூடப் போட்டேன். "வெறும் பாத்திரத்தோட உங்களை உள்ளே கூட்டிட்டுப் போக முடியாது டீச்சர்" என்றார். அந்த 4 வாரம் எதற்கு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அறுவை ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது, மூன்றரை மணி நேரம். மார்புக்குள் இறங்கியிருந்த பகுதியும் கழுத்து வழியாகவே வந்துவிட்டது. எலும்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்த கட்டி 140 கிராம். சாதாரணச் சுரப்பி 20 கிராம் அளவுதான் இருக்குமாம்.

முதல் இரவு முழுக்க மணிக்கு ஒருமுறை டார்ச் வெளிச்சம் கழுத்தில் விழுந்தது. சிஸ்டர் கட்டைத் தொட்டுப் பார்ப்பார், டியூபில் இறங்கிய ரத்தத்தின் அளவைக் குறிப்பார், "உங்க பேரைச் சொல்லுங்க டீச்சர்" என்பார். ஒவ்வொரு தடவையும் பெயர் கேட்கிறாரே, ஞாபக மறதிக்காரரோ என்று அரைத் தூக்கத்தில் எரிச்சல்பட்டேன். அவர் கேட்டது பெயருக்காக இல்லை, குரலுக்காக. தையலுக்கு உள்ளே ரத்தம் கட்டினால் கழுத்து இறுகும், குரல் மாறும், மூச்சு அடைக்கும், அதுவும் நிமிடக் கணக்கில். அந்த நிலையில் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போக நேரம் இருக்காது, படுக்கையிலேயே தையலைப் பிரித்துவிட வேண்டும். அதற்கான கத்தரியும் இடுக்கியும் துணியில் சுற்றி என் தலைமாட்டு மேசையிலேயே இருந்தன. அது பழம் நறுக்கும் கத்தி என்று நினைத்து என் வீட்டுக்காரர் அதன்மேல் ஆரஞ்சுப் பையை வைத்திருந்தார். சிஸ்டர் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "சார், இந்த மேசை எங்களுக்கு வேணும்" என்று மட்டும் சொன்னார். நல்லவேளையாக அது தேவைப்படவில்லை.

மறுநாள் காலை டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல்நாண் இரண்டும் அசைகின்றன என்றார். அப்புறம் பழைய தாளையே எடுத்து அதில் நான்கு புள்ளி வைத்தார். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு அரிசி அளவு, பார்வைக்குக் கொழுப்புத் துணுக்கு மாதிரியே இருக்கும். எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு எடுத்துவிடுவதும், சிறுநீரில் போகாமல் பிடித்துவைப்பதும் இவற்றின் வேலை. இவற்றின் ரத்தக் குழாய்கள் முடி போலிருக்கும். கட்டியை நகர்த்தும்போது குழாய் சற்று இழுபட்டாலே சுரப்பி சில நாள், சில வாரம் மயங்கிக் கிடக்கும்.

"உங்களுக்கு மூணு இருந்த இடத்துலயே நல்ல நிறத்தோட இருக்கு. நாலாவது, இடது கீழ்ப்பக்கம், கட்டியோட ஒட்டியிருந்துச்சு. பிரிச்சப்ப கறுத்துப்போச்சு. அதைச் சின்னச் சின்னதா நறுக்கிக் கழுத்துத் தசையிலேயே பதியம் போட்டிருக்கேன். வேர் பிடிக்க ரெண்டு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் கால்சியம் இறங்கும், நாங்க பாத்துக்கணும்."

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று மூன்று வார்த்தையில் முடித்திருக்கலாம். தன் கையில் ஒன்று கறுத்துப்போனதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். முதல் நன்றி அதற்குத்தான்.

இந்த அரிசிச் சுரப்பிகளைப் பற்றி அவர் சொன்ன ஒரு கதையையும் எழுதிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பார்த்தபோதுதான் முதன்முதலாக இதைக் குறித்துவைத்தாராம். மனிதர்களிடம் கண்டு விரிவாக எழுதியவர் ஸ்வீடனின் இவார் சான்ட்ஸ்ட்ரம், 1880இல். கழலையை எடுத்த பிறகு சிலருக்குக் கைகால் இழுத்துக்கொண்டது ஏன் என்று விளங்க அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின.

அறுவை அன்று மாலையே பாராதைராய்டு ஹார்மோன் எடுத்துப் பார்த்திருந்தார்கள். 15க்கு மேல் இருக்க வேண்டியது 9 இருந்தது. ஆக கால்சியம் இறங்கப்போவது முன்கூட்டியே தெரியும். அன்றிலிருந்தே பெரிய சுண்ணாம்புக் கட்டி போன்ற கால்சியம் மாத்திரைகள் வேளைக்கு இரண்டு. ஒவ்வொரு முறை பணி மாறும்போதும் புதிதாக வருகிற சிஸ்டர் அதே கேள்வியைக் கேட்பார்: "உதட்டைச் சுற்றி மரமரப்பு இருக்கா டீச்சர்? விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?" கன்னத்தில் காதுக்கு முன்னால் விரலால் இரண்டு தட்டுத் தட்டி என் மேலுதட்டைப் பார்ப்பார்.

இனி என் தப்பு. தொண்டை ரணமாக இருந்தது, அந்த மாத்திரையை விழுங்கினால் கண்ணில் நீர் வரும். புதன் மதியமும் இரவும் வாயில் போட்டுக்கொண்டு, சிஸ்டர் நகர்ந்ததும் துப்பி டிஷ்யூவில் சுருட்டித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். வகுப்பில் இதே வேலையைச் செய்கிற பிள்ளைகளை நான் எழுப்பி நிற்கவைத்திருக்கிறேன். மாலை எடுத்த கால்சியம் 7.6. சாதாரணமாக எட்டரைக்கு மேல் இருக்க வேண்டும்.

இரவு 11 மணிக்கு மேல் உதட்டோரம் லேசாகச் சுரசுரத்தது. சொன்னால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விட மாட்டார்களே என்று பயம். 12 மணிக்குக் கேட்டபோது "ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றேன்.

3 மணிக்கு அவர் மறுபடி வந்தார். நான் தூங்குவதாகப் பாவனை செய்தேன். பி.பி. பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். வழக்கமாக உடனே இறக்கிவிடுகிறவர், அன்றைக்கு இறக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கண்ணைத் திறந்தேன். கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற நான்கு விரலும் நீட்டியபடியே கூம்பாக ஒன்றுசேர்ந்து, மணிக்கட்டு தானாக வளைந்தது. என்னால் பிரிக்க முடியவில்லை. பட்டையை அவிழ்த்த பிறகுதான் மெல்ல விட்டது.

கையில் ரத்த ஓட்டத்தைச் சில நிமிடம் நிறுத்தினால், கால்சியம் குறைந்திருக்கும் நரம்பு இப்படித் தானாகத் துடித்துத் தசையை இழுத்துவிடும். ரத்தத்தில் கால்சியம் குறையக் குறைய நரம்பு சும்மா இருக்காது, தொட்டதற்கெல்லாம் பொறி தட்டும். முதலில் உதடும் விரல் நுனியும் சுரசுரக்கும், அப்புறம் தசை இழுக்கும். அதையும் விட்டால் குரல்வளை இறுகலாம், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். நோயாளி பொய் சொன்னாலும் கை சொல்லிவிடும் என்பது அந்த சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. கன்னத்தில் தட்டுவதை அவர் பெரிதாக நம்புவதில்லையாம். கால்சியம் சரியாக இருப்பவர்களிலும் சிலருக்கு உதடு துடிக்கும், அதனால் பட்டையைத்தான் நம்புவாராம். பின்னால் சொன்னார்.

பத்து நிமிடத்துக்குள் டூட்டி டாக்டர் வந்தார், ரத்தம் பரிசோதனைக்குப் போனது, ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கால்சியம் 6.8. ஈ.சி.ஜி.யிலும் இதயம் ஒரு துடிப்புக்குப் பின் ஆசுவாசம் கொள்ள எடுக்கும் நேரம் நீண்டிருந்தது.

அடுத்த அரை மணி நேரம் சிஸ்டர் செய்ததைத்தான் நான் முழுசாக எழுத வேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்தது கால்சியம் குளுகோனேட், 10 மில்லி குப்பி இரண்டு, ஊசி வழியாக. கையில் ஏற்கெனவே ஊசிக் குழாய் இருந்தது, அதில் ஏற்றிவிடலாம். அவர் முதலில் வெறும் சலைன் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். எனக்குச் சற்று எரிந்தது, புறங்கை லேசாக உப்பியது. அந்த வழியை அப்படியே கைவிட்டுவிட்டு, முன்கையில் பெரிய ரத்தக் குழாயாகத் தேடிப் புதிதாகக் குத்தினார். எனக்கு விரல் இழுத்துக்கொண்டிருக்கிறது, இவர் நிதானமாக ரத்தக் குழாய் தேடுகிறாரே என்று வீட்டுக்காரர் பதறினார். கால்சியம் மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையை வேகவைத்தது போல் அழித்துவிடுமாம். என் புறங்கையில் இன்று ஒரு தழும்பும் இல்லை என்றால், அந்த மூன்று நிமிட நிதானம்தான் காரணம்.

மருந்தை 50 மில்லி குளுக்கோஸ் நீரில் கலந்து, பம்பில் 20 நிமிடத்துக்கு வைத்தார். வேகமாகப் போனால் இதயத் துடிப்பு இறங்கும், நின்றும் போகலாம். அதனால் மானிட்டரைப் பார்த்தபடியே பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்படாதீங்க என்று முன்னாலேயே சொன்னார், அப்படியே பரவியது. பாதி மருந்து போவதற்குள் உதட்டுச் சுரசுரப்பு அடங்கியது. விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தேன்.

ஆனால் அந்த ஊசி இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதனால் அப்புறம் ஒரு நாள் முழுக்க மெதுவாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தார்கள். மெக்னீசியமும் பார்த்தார்கள். அது குறைந்திருந்தால் கால்சியத்தை எவ்வளவு ஏற்றினாலும் நிற்காதாம். எனக்கு அது சரியாகவே இருந்தது.

விடியும்போது தலையணைக்குக் கீழிருந்த டிஷ்யூவை எடுத்து நானே சிஸ்டரிடம் நீட்டினேன். நான்கு மாத்திரை. அவர் எண்ணிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினார். டோஸ் போதவில்லை என்று டாக்டர் கூட்டிவிடக் கூடாதே, அதற்காக. திட்டவில்லை. காலை இட்லியோடு வந்த மாத்திரைகளை உலக்கைக் கிண்ணத்தில் பொடித்து, கெட்டி மோரில் குழைத்து, "பஞ்சாமிர்தம்னு நினைச்சுக்குங்க" என்று ஸ்பூனோடு கொடுத்தார். தொண்டை வலிக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே இது கிடைத்திருக்கும்.

வெள்ளிக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தேன். கால்சியம் மூன்று வேளையும் சாப்பாட்டோடு, ஏனென்றால் நான் வாங்கிய வகை வயிற்று அமிலத்தில்தான் கரையும். கூடவே கால்சிட்ரையால் 0.25 மைக்ரோகிராம் காலை, இரவு. ஏற்கெனவே 4 பாக்கெட் வைட்டமின் டி குடித்தேனே, இது எதற்கு என்று கேட்டேன். அந்தப் பாக்கெட்டில் வருவதைச் சிறுநீரகம் மாற்றிக்கொடுத்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும், மாற்றச் சொல்லி உத்தரவு போடுவது பாராதைராய்டு ஹார்மோன், அது எனக்கு மயங்கிக் கிடக்கிறது. அதனால் மாற்றிய சரக்கையே நேராகக் கொடுக்கிறார்கள். பாக்கெட் குடித்தது வீணில்லை. அதுவும் இல்லாமல் போயிருந்தால் 6.8 இன்னும் கீழே போயிருக்கும் என்றார் டாக்டர். தேர்வுக்காகப் போட்ட சண்டைக்கு அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டில் கஷ்டம் கொடுத்தது, எடுத்துவிட்ட சுரப்பிக்குப் பதிலாகப் போடுகிற தைராக்சின் மாத்திரைதான். தினம் 100 மைக்ரோகிராம், வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். கால்சியத்துக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கால்சியம் இதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் காலை 5 மணிக்கு தைராக்சின், ஒரு மணி நேரம் கழித்து ஃபில்டர் காபி, பள்ளியில் 10 மணிக்கு டிபன் டப்பாவோடு கால்சியம் என்று ஒரு கால அட்டவணை போட்டுக்கொண்டேன். முதல் வாரம் அந்த ஒரு மணி நேரம் காபிக்காகக் காத்திருந்ததுதான் அறுவையைவிடப் பெரிய வேதனை.

10ஆம் நாள் கால்சியம் 8.2. மூன்றாம் வாரம் 8.6. ஏழாவது வாரம் ஹார்மோன் 18க்கு ஏறியிருந்தது, மயங்கியவை எழுந்துவிட்டன. பதியம் போட்டது வேர் பிடித்ததா, இருந்த மூன்றே சமாளித்துக்கொண்டனவா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்போதும் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதலில் கால்சிட்ரையால் இரவு வேளை, அடுத்த வாரம் காலை வேளை, அப்புறம் கால்சியம் ஒவ்வொரு வேளையாக. நன்றாக இருக்கிறதே என்று அதிகமாகவே தொடர்வதும் ஆபத்து. கால்சியம் ஏறினால் தாகம், வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய்விடும். நான்காம் மாதம் எல்லாம் நின்றது. தைராக்சின் மட்டும் ஆயுளுக்கும்.

குரல் இரண்டு வாரம் கரகரத்துப் பிறகு தெளிந்தது. காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தின் மேல்ஸ்தாயி மட்டும் இன்னும் எட்டவில்லை. கணக்குக்கு அது வேண்டியதில்லை. மொட்டை மாடிக் கொடியில் இப்போது நானே சேலை விரிக்கிறேன், இரண்டு கையையும் தூக்கி.

போன வாரம் எள்ளுருண்டை செய்து எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். அந்த சிஸ்டருக்கு அந்த மாதம் முழுக்க இரவுப் பணி, நான் போனதோ பகல் 11 மணி. டப்பாவைப் பகல் சிஸ்டர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பாதி அவருக்கு எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். சிஸ்டர், 12 மணிக்கு நீங்கள் கேட்டபோது உதட்டில் மரமரப்பு இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் 3 மணிக்கு மறுபடி வந்ததற்கு நன்றி.